பதவிப் பெயரைத் தொடாதீர்கள், பொறுப்பை எழுதுங்கள்

கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஏழு ஆண்டுகளாக 'சீனியர் எக்ஸிக்யூட்டிவ் - பர்சேஸ்' ஆக இருப்பவர் கனடாவில் வேலை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது மேனேஜருக்குக் கீழே உள்ள பதவி என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அங்கே அந்தப் பெயரைப் படிப்பவருக்கோ நிறுவனத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் அதிகாரி நினைவுக்கு வருவார். கூடவே இருக்கும் வேலை விவரம் அதற்குப் பொருந்தாததால், இவர் மிகைப்படுத்துகிறார் என்று தோன்றிவிடும். 'அசிஸ்டன்ட் மேனேஜர்' என்ற பெயரில் ஒரு ஷிப்ட் முழுவதையும் நடத்துபவருக்கு நேர்வது இதற்கு எதிர்மாறு. அவரை மேனேஜருக்கு உதவியாக இருப்பவர் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் சில ஏஜென்ட்டுகள், "பர்சேஸ் மேனேஜர்னு போட்டுடலாம் சார், யாரு பார்க்கப் போறா" என்கிறார்கள். பார்க்கிறார்கள். வேலை தரும் நிறுவனமோ, அது அமர்த்தும் சரிபார்ப்பு ஏஜென்சியோ பழைய நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவிடம் முதலில் கேட்பது பதவிப் பெயரையும் தேதிகளையும்தான். குடியேற்ற விண்ணப்பத்தில் அதே பொய் இருந்தால் விளைவு இன்னும் கடுமை. கனடாவின் குடியேற்றச் சட்டம் 40ஆம் பிரிவின்படி, உண்மையைத் திரித்ததாக முடிவானால் ஐந்து ஆண்டுகள் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. "ஏஜென்ட்தான் எழுதினார், எனக்குத் தெரியாது" என்பது பெரும்பாலும் எடுபடாது. விண்ணப்பத்தில் உள்ளதற்கு விண்ணப்பித்தவரே பொறுப்பு.

ஆகவே நியமனக் கடிதத்தில் உள்ள பதவிப் பெயர் அப்படியே இருக்கட்டும். அதன் கீழே ஒரே வரியில் விளக்கம் கொடுங்கள்: 'கொள்முதல் அலுவலர் நிலை, பர்சேஸ் மேனேஜருக்குக் கீழ்'. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

அடுத்தது வேலை விவரம். நம்மவர்கள் வழக்கமாக எழுதுவது, 'பர்சேஸ் வேலைகளைக் கவனித்தேன், சப்ளையர்களுடன் ஒருங்கிணைத்தேன்' என்பதுதான். இதே வரியை நேற்றுச் சேர்ந்த டிரெய்னியும் எழுதலாம், பெரிய மேனேஜரும் எழுதலாம். வேலையின் உயரத்தைக் காட்டுவது நான்கு தகவல்கள்: யாருக்குப் பதில் சொல்கிறீர்கள், உங்களுக்குக் கீழே எத்தனை பேர், உங்கள் கையெழுத்தில் எவ்வளவு தொகை வரை போகும், யாரையும் கேட்காமல் எதை முடிவு செய்வீர்கள்.

நம் கோவைக்காரர் இப்படி எழுதலாம்: 'வார்ப்புகள், பேரிங்குகளுக்கான 30 சப்ளையர்களிடம் விலை பேசி முடிவு செய்தேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான ஆர்டர்களுக்கு நானே ஒப்புதல் அளித்தேன். அதற்கு மேற்பட்டவற்றை மேனேஜருக்குப் பரிந்துரைத்தேன். இரண்டு ஜூனியர்களின் வேலையை மேற்பார்வையிட்டேன்.' ஆனால் லட்சமும் கோடியும் அங்கே புரியாது. 5,00,000 என்று காற்புள்ளி இட்டாலும் குழம்புவார்கள். 500,000 ரூபாய் என்று எழுதி, பக்கத்தில் கனடிய டாலரில் சுமாரான மதிப்பையும் தர வேண்டும்.

இதைப் படிப்பவர் உடனே நிலையைப் புரிந்துகொள்வார். கனடாவின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் கொள்முதல் அலுவலருக்கு 12102 என்ற எண். கொள்முதல் மேலாளருக்கு 10012. மேலே உள்ள வேலை முதல் எண்ணுக்குத்தான் பொருந்தும். துறையின் கொள்கையையும் பட்ஜெட்டையும் வகுப்பவர்தான் இரண்டாவதற்குப் பொருந்துவார். வகைப்பாட்டில் உள்ள பணி வரிகளை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதும் ஆபத்து. புத்தக வரிகளைக் கண்டதுமே அதிகாரிகளுக்குச் சந்தேகம் வரும்.

சி.வி.யில் எழுதியதை நிறுவனம் தரும் அனுபவக் கடிதம் தாங்கிப் பிடிக்க வேண்டும். பதவி, பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம் ஆகியவை லெட்டர்ஹெட்டில், கையெழுத்துடன் வர வேண்டும் என்று கனடியக் குடியேற்றத் துறை கேட்கிறது. நம் நிறுவனங்கள் பல, பதவியும் தேதியும் மட்டும் உள்ள கடிதத்தோடு கைகழுவிவிடுகின்றன. எச்.ஆர். மறுத்தால், நேரடி மேலதிகாரி தன் பெயரிலும் கையெழுத்திலும் பணிகளை விவரித்துத் தரும் கடிதத்தைப் பெறுங்கள். அதோடு நியமனக் கடிதம், ஊதியச் சீட்டுகள், படிவம் 16, பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றையும், முறையான கடிதம் ஏன் கிடைக்கவில்லை என்ற விளக்கத்தையும் இணைக்கலாம். இவை கட்டாயம் ஏற்கப்படும் என்ற உறுதி இல்லை. ஆனால் வெறும் கையோடு போவதைவிட எவ்வளவோ மேல். ராஜினாமா கொடுத்த பிறகு மேலதிகாரியைப் பிடிப்பது கடினம் என்பதால், வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்குவது நல்லது.

ஏஜென்ட் வழியாகப் போகிறவர்கள், அனுப்பப்படும் சி.வி.யையும் விண்ணப்பத்தையும் முழுவதும் படித்த பிறகே ஒப்புதல் தர வேண்டும், பிரதியையும் கையில் வைத்திருக்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு கனடியக் குடியேற்ற ஆலோசனை தருபவர் அந்நாட்டுச் சட்டத் தொழில் அமைப்பில் உறுப்பினராகவோ, அங்குள்ள குடியேற்ற ஆலோசகர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். அந்தப் பதிவை இணையத்திலேயே சரிபார்க்கலாம். அனுப்பிய பிறகு தவறு தெரியவந்தால், அதிகாரிகள் கண்டுபிடிக்கும் வரை காத்திராமல் நீங்களே எழுதித் திருத்திவிடுங்கள். குடியேற்றத் துறையிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டால், அதில் குறித்துள்ள கெடுவுக்குள் ஆவணங்களோடு பதில் போய்ச் சேர வேண்டும்.