முந்நூறு சொல்லில் எது புதிது?

கருத்தரங்குக்கு வந்த ஆய்வுச்சுருக்கங்களை மதிப்பிட உட்காருகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்தக் கருத்தரங்கின் அழைப்பைத்தான். தலைப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினால், நன்றாக எழுதப்பட்ட எதையும் பொருத்தமானது என்று நம்பிவிடுவோம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். ஒரு கல்லூரி, தமிழகத்து ஏரிகளைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய ஆவணங்களையும் இன்றைய ஊர்மக்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் வேண்டும், சுருக்கம் 300 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அழைப்பு. ‘சோழர் கால நீர் மேலாண்மை’ என்ற தலைப்பில் 340 சொல்லில் ஒரு சுருக்கம் வருகிறது.

அதன் முதல் 120 சொல் நீரின் பெருமையைச் சொல்கிறது. அடுத்த 110 சொல் உத்திரமேரூருக்குப் போகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறை, ஏரியைக் கவனித்த ஏரி வாரியம் எல்லாம் அங்கே வருகின்றன. பிறகு 60 சொல், ஏரிகள் இன்று தூர்ந்து கிடப்பதைப் பற்றிய வருத்தம். எல்லாமே உண்மைதான். ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி நீலகண்ட சாஸ்திரி 1932இலேயே விரிவாக எழுதிவிட்டார். இதில் இவர் கண்டுபிடித்தது எது?

விடை கடைசி 50 சொல்லில் ஒளிந்திருக்கிறது. ஐந்து ஏரிகளின் மதகுகள் எங்கே இருந்தன என்று கல்வெட்டுகளின் எல்லைக் குறிப்புகளிலிருந்து கணித்து, இன்று மதகு இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். மூன்றில் இடம் பொருந்துகிறது. மற்ற இரண்டில் மதகு இடம் மாறியதை அந்த ஊர் நீர்க்கட்டிகள், அதாவது ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுத் திறந்துவிடுகிறவர்கள், வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மதிப்பீட்டாளர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். பங்களிப்பு என்பது ‘ஆராய்கிறது’, ‘விளக்க முற்படுகிறது’ என்று முடியும் வாக்கியத்தில் இருப்பதில்லை. என்ன செய்தார், எதை வைத்துச் செய்தார், என்ன தெரிந்தது என்ற மூன்றும் கூடிவரும் வாக்கியத்தில் இருக்கிறது. நான் ஒரு சோதனை செய்வதுண்டு. சுருக்கத்தை மூடி வைத்துவிட்டு, ‘இவர் கண்டது இது’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பேன். எழுத முடியாமல், தலைப்பையே திருப்பி எழுதிவிட்டேன் என்றால் அங்கே பங்களிப்பு இன்னும் எழுத்தில் வரவில்லை. ‘முடிவுகள் அரங்கில் வழங்கப்படும்’ என்று முடிகிற சுருக்கங்கள் பெரும்பாலும் இங்கேதான் நின்றுபோகின்றன. ஆய்வு இன்னும் முடியவில்லையா? அதனால் குறையொன்றும் இல்லை. இதுவரை எத்தனை ஏரி பார்த்தார், முதலில் தெரிந்தது என்ன என்று சொன்னால் போதும்.

பொருத்தம் தனிக் கேள்வி. இதே கருத்தரங்குக்கு, ஓர் அணையின் வண்டல் படிவைக் கணிக்கும் கணித மாதிரி ஒன்று வந்தால், ஆய்வு எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் இங்கே அதற்கு இடமில்லை. வேறு அவைக்கு உரியது என்று ஆசிரியருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தரம் குறைவு என்று எழுதுவது அநியாயம். நம் ஏரிச் சுருக்கத்தில் நிலைமை நேர்மாறு. கல்வெட்டும் நீர்க்கட்டிகளும் சேர்ந்து வரும் கடைசிப் பகுதி அழைப்புக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. பொருந்தாதவை முன்னால் நிற்கும் 290 சொற்கள்.

சொல் வரம்பைக் கடைசியில் பார்ப்பதே நல்லது. தலைப்பும் குறிச்சொற்களும் கணக்கில் சேருமா என்று அழைப்பில் பார்த்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. கணினி, இடைவெளியை வைத்தே சொல்லை எண்ணுகிறது. ‘செய்துகொண்டிருக்கிறார்கள்’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் இரண்டோ மூன்றோ. அதனால் ஐந்தாறு சொல் கூடியதற்காக ஒன்றைத் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. 40 சொல் கூடுதல் என்பது அப்படியல்ல. வரம்புக்குள் அடக்க எதையோ வெட்டி வருந்திய மற்றவர்களுக்கு அது நியாயமாகாது. பல கருத்தரங்குகளில் பதிவேற்றும்போதே மென்பொருள் அதை மறுத்துவிடும்.

ஆகவே இந்தச் சுருக்கத்துக்கு என் பரிந்துரை, திருத்தத்துடன் ஏற்கலாம் என்பது. ‘சுருக்குக’ என்று மட்டும் எழுதினால் ஆசிரியர் அங்கங்கே ஒரு சொல்லைக் கிள்ளி, கடைசிப் பத்தியையும் சேர்த்து மெலியவைத்துவிடுவார். எனவே குறிப்பு இப்படி இருக்க வேண்டும்: ‘நீரின் பெருமை பற்றிய முதல் பத்தியை நீக்குங்கள். உத்திரமேரூர்ச் செய்தியை இரண்டு வாக்கியமாக்குங்கள். ஐந்து ஏரிகளின் ஒப்பீட்டை முதலில் வையுங்கள். அந்த ஏரிகளைத் தேர்ந்தது ஏன், எத்தனை நீர்க்கட்டிகளிடம் பேசினீர்கள் என்று சேருங்கள். தலைப்பில் மதகு என்ற சொல் வரட்டும்.’