துளை தாங்கும், வெல்டு தாங்குமா?

திருச்சி துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் கூடங்களில் 8 டன் எடையுள்ள ஒரு இரும்புத் தொட்டியை லாரியில் ஏற்றுவது அன்றாட வேலை. தொட்டியின் மேல்தகட்டில் இரண்டு லக்குகளை நிற்க வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். லக் என்பது நடுவே துளையிட்ட ஒரு கனத்த தகட்டுத் துண்டு. துளையில் ஷேக்கிளின் பின் நுழையும், ஷேக்கிளில் கம்பிவட ஸ்லிங் மாட்டும், இரண்டு ஸ்லிங்குகளும் மேலே கிரேன் கொக்கியில் சேரும். பார்ப்பதற்குச் சாதாரணத் துண்டுதான். ஆனால் தூக்குகிற அந்தச் சில நிமிடங்களுக்கு மொத்த எடையும் அதன் வழியாகத்தான் போகிறது.

லக்கை நம்பலாமா என்று கேட்டால் பெரும்பாலானோர் துளையைத்தான் பார்ப்பார்கள். துளை கிழிந்துவிடுமோ என்ற பயம் இயல்பானது. கணக்குப் போட்டால் ஆபத்து வேறிடத்தில் இருப்பது தெரியும்.

முதலில் சுமை. 8 டன்னை இரண்டு லக்குகள் பகிர்ந்தால் ஆளுக்கு 4 டன். ஸ்லிங் நேர் செங்குத்தாக நின்றால் கணக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் இரண்டு ஸ்லிங்குகள் ஒரே கொக்கியில் சேர வேண்டுமானால் சாய்ந்தே தீர வேண்டும். சாய்ந்த ஸ்லிங் 4 டன்னை மேலே தூக்குவதோடு லக்கைத் தொட்டியின் நடுப்பக்கமாகவும் இழுக்கும். தரைமட்டத்திலிருந்து 60 டிகிரி சாய்வில் ஸ்லிங்கின் இழுவிசை 4.62 டன், அதில் பக்கவாட்டுப் பங்கு 2.31 டன். 45 டிகிரிக்குத் தாழ்ந்தால் இழுவிசை 5.66 டன், பக்கவாட்டு இழுப்பு முழுதாக 4 டன். 30 டிகிரி என்றால் ஒவ்வொரு ஸ்லிங்கும் 8 டன் இழுக்கும். இரண்டு ஸ்லிங் போட்டும் ஒவ்வொன்றின் மேலும் முழு எடைக்குச் சமமான இழுப்பு விழுகிறது.

நம் லக்கின் அளவுகள் இவை. 25 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரணக் கட்டுமான எஃகு, அதாவது ஐ.எஸ். 2062 தரத்தில் ஈ250. அடிப்பாகம் 120 மி.மீ. நீளம். தலைப்பாகம் 40 மி.மீ. ஆரத்தில் வட்டமாக வெட்டப்பட்டது. அந்த வட்டத்தின் மையத்தில், தொட்டித் தகட்டிலிருந்து 70 மி.மீ. உயரத்தில், 28 மி.மீ. துளை. மாட்டுவது 6.5 டன் ஷேக்கிள், அதன் பின் ஏறத்தாழ 25 மி.மீ. விட்டம். இந்த எஃகு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 25 கிலோ இழுவையில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். தூக்கும் சாதனங்களுக்கென அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் வகுத்த பி.டி.எச்.-1 விதி, பொதுவான பணிச்சூழலுக்கு அந்தப் பலத்தை மூன்றால் வகுத்துப் பயன்படுத்தச் சொல்கிறது. கிரேன் வெடுக்கென்று தூக்குவதும், எடை கொஞ்சம் கூடிப்போவதும், நாம் கணக்கில் விட்டவையும் இந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும்.

முதல் சோதனை நசுங்கல். பின் துளையின் மேல் விளிம்பை அழுத்துகிறது. அழுத்தம் விழும் பரப்பைப் பின்னின் விட்டத்தை லக்கின் கனத்தால் பெருக்கி எடுக்க வேண்டும். துளையின் விட்டத்தை எடுப்பது தவறு, ஏனென்றால் தொடுவது பின்தான். 25-ஐ 25-ஆல் பெருக்கினால் 625 சதுர மி.மீ. 4,620 கிலோவை அதில் பரப்பினால் சதுர மில்லிமீட்டருக்கு 7.4 கிலோ வருகிறது. இங்கே அனுமதி 10.4 வரை. தாராளமாகப் போதும். ஆனால் இந்தக் கணக்கு ஒழுங்காகத் துளைபோட்ட வழவழப்பான துளைக்குத்தான் பொருந்தும். கேஸ் கட்டரால் கையில் ஊதியெடுத்த துளையில் மேடும் பள்ளமுமாக இருக்கும், பின் இரண்டு மூன்று மேடுகளில் மட்டுமே உட்காரும். பெரிய துளையில் சின்னப் பின்னை மாட்டினாலும் இதே கதைதான், தொடுகிற இடம் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். பின்னைவிடத் துளை 3 மி.மீ. பெரிதாக இருப்பதே போதும்.

இரண்டாவது கிழிதல். பின் தன் பாதையில் மேலே முன்னேறி, துளைக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள எஃகைத் துண்டாக வெட்டிக்கொண்டு வெளியேறப் பார்க்கும். அது வெட்ட வேண்டியது இரண்டு தளங்களை. ஆரம் 40, அதில் துளையின் பாதி 14 போக மீதி 26 மி.மீ. இரண்டு தளங்கள், 25 மி.மீ. கனம் என்று பெருக்கினால் 1,300 சதுர மி.மீ. விசையை வகுத்தால் 3.6 கிலோ. வெட்டுவிசைக்கு எஃகின் தாக்குப்பிடிப்பு இழுவையில் 58 சதவீதம் என்று வைத்து மூன்றால் வகுத்தால் அனுமதி 4.8 கிலோ. இதுவும் தேறுகிறது.

இங்கே பலர் வழுக்குவது அளவெடுக்கும் திசையில். விளிம்புத் தூரத்தைச் செங்குத்தாக மேல்நோக்கி அளப்பார்கள், ஸ்லிங்கோ சாய்வாக இழுக்கிறது. வட்டத் தலையாக இருந்தால் எந்தத் திசையில் அளந்தாலும் அதே 26 மி.மீ. கிடைக்கும். தகட்டுத் துணுக்கைச் சதுரமாக வெட்டி, துளையை ஓரமாகத் தள்ளிப் போட்டிருந்தால், மேலே 30 மி.மீ. இருப்பது சாய்ந்த திசையில் 15 மி.மீ. ஆகக் குறைந்துபோகலாம். 15 மி.மீ. என்றால் இதே சுமையில் 6 கிலோவைத் தாண்டும், அனுமதிக்கு மேலே போய்விடும்.

ஆக, துளை பிழைத்தது. மூன்றாவது வெல்டு. லக்கின் இரண்டு பக்கமும் 120 மி.மீ. நீளத்துக்கு 10 மி.மீ. ஃபில்லட் போடுகிறோம். முக்கோணமாக அமையும் அந்த வெல்டில் மிக மெல்லிய குறுக்கு அளவு சுமார் 7 மி.மீ., கணக்குக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 1,680 சதுர மி.மீ. மேல்நோக்கிய 4 டன்னால் வருவது 2.4 கிலோ. பக்கவாட்டு 2.31 டன்னால் வரும் வெட்டுவிசை 1.4 கிலோ. இவ்வளவுதான் என்றால் கவலையே இல்லை.

ஆனால் அந்தப் பக்கவாட்டு இழுப்பு வெல்டின் மட்டத்தில் விழவில்லை, 70 மி.மீ. உயரத்தில் துளையில் விழுகிறது. லக்கைத் தொட்டியின் நடுப்பக்கமாகக் குப்புறத் தள்ளப் பார்க்கிறது. அப்போது லக்கின் வெளிமுனை தூக்கிக்கொள்ளும், உள்முனை அழுந்தும். இந்த வளைப்பினால் முனைகளில் வருவது 4.8 கிலோ. வெளிமுனையில் இது மேல்நோக்கிய இழுவையோடு கூடி 7.2 ஆகிறது, வெட்டுவிசையையும் சேர்த்தால் 7.3. உள்முனையில் இரண்டும் எதிரெதிராக நின்று, வெல்டு இழுபடாமல் அமுங்கியே இருக்கிறது. ஒரே வெல்டின் ஒரு முனை சும்மா இருக்க, மறுமுனை ஏறக்குறைய எல்லாவற்றையும் சுமக்கிறது.

அனுமதி எவ்வளவு? அதே விதிப்படி, வெல்டு உலோகத்தின் முறியும் பலத்தில் ஆறில் ஒரு பங்கு. 7018 ராடு என்றால் சுமார் 49 கிலோவில் ஆறிலொன்று, 8.2. கூடங்களில் எப்போதும் கைக்கெட்டும் 6013 ராடு என்றால் 42-இல் ஆறிலொன்று, 7.0. நமக்கு வந்தது 7.3. ஆக வரைபடத்தில் 7018 என்று எழுதியிருக்க, வெல்டர் கையிலிருந்த 6013-ஐப் போட்டால் தேறிய லக் தேறாமல் போகும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், 6013 போட்டது இன்னும் அழகாகவே இருக்கும்.

இப்போது ஸ்லிங் குட்டையாகப் போய், 60 டிகிரி 45 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சைட்டில் இது அடிக்கடி நடக்கும், நீள ஸ்லிங் வேறு வேலைக்குப் போயிருக்கும். நசுங்கல் 7.4-லிருந்து 9.1 ஆகிறது, அனுமதி 10.4-க்குள்தான். கிழிதல் 4.4, அதுவும் 4.8-க்குள்தான். வெல்டு மட்டும் 7.3-லிருந்து 11-க்குத் தாவுகிறது. துளை சார்ந்த சோதனைகள் ஸ்லிங்கின் மொத்த இழுவிசையைத்தான் பார்க்கின்றன, அது கூடியது 22 சதவீதம்தான். வெல்டோ பக்கவாட்டுப் பங்கைப் பார்க்கிறது, அது 73 சதவீதம் கூடிவிட்டது. துளையை மட்டும் சரிபார்த்த கணக்கு இரண்டு சாய்வுக்கும் "சரி" என்றே சொல்லியிருக்கும்.

இதற்கு மருந்து கனத்தைக் கூட்டுவதல்ல. லக்கை 25-லிருந்து 32 மி.மீ. ஆக்கினாலும் வெல்டின் கணக்கில் ஒரு எண்ணும் மாறாது. அடியை 120-லிருந்து 160 மி.மீ. ஆக நீட்டினால், வளைப்பைத் தாங்கும் திறன் நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 45 டிகிரியிலேயே வெல்டு 6.7-க்கு இறங்கிவிடுகிறது, 6013 ராடுக்கும் போதும். துளையின் உயரத்தைக் குறைப்பதும் உதவும், ஷேக்கிள் தகட்டில் இடிக்காத அளவுக்கு. இன்னொரு வழி, துளையை அடியின் நடுவிலிருந்து உட்பக்கமாக நகர்த்துவது. 60 டிகிரிக்கு 40 மி.மீ. நகர்த்தினால் ஸ்லிங்கின் கோடு வெல்டின் நடுப்புள்ளி வழியாகவே போகும், வளைப்பே இருக்காது. இது அழகான வழி என்றாலும் ஒரே சாய்வுக்குத்தான் முழுதாகச் செல்லும், ஸ்லிங் நீளம் மாறினால் வளைப்பு திரும்ப வரும். நான் அடியை நீட்டுவதையே தேர்ந்தெடுப்பேன், அது யார் எந்த ஸ்லிங்கை எடுத்து வந்தாலும் தாக்குப்பிடிக்கும்.

இவ்வளவும் லக்கின் தகட்டுத்தளம் கொக்கியை நோக்கி இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. லக்கைப் பத்து டிகிரி திருப்பி வைத்துவிட்டால், முதல் லக்கின் மேல் 60 டிகிரியிலேயே சுமார் 400 கிலோ குறுக்காக விழும். குறுக்கில் லக்கின் அகலம் 25 மி.மீ. மட்டுமே. வெல்டில் கூடுவது ஒரு கிலோவுக்கு மேல், ஏற்கெனவே இருந்த 7.3-உடன் அது 7018-க்கான எல்லையையும் தாண்டும். ஆகவே மார்க்கிங் போடும்போதே கொக்கி வரும் இடத்திலிருந்து லக்குக்கு ஒரு நூல் கட்டி, அந்த நூலின் மேல் லக்கை நிறுத்த வேண்டும்.

லக் சரியாக இருந்தும் அடித்தகடு கெடுப்பதுண்டு. வெல்டு தகட்டை அதன் கனத்தின் திசையில் மேலே இழுக்கிறது. உருட்டும்போது எஃகில் இருந்த மாங்கனீசு சல்ஃபைடு அழுக்குகள் வெங்காயத் தோல் போல் படலமாகப் படுத்துக் கிடக்கலாம், அந்தத் திசையில் தகட்டுக்குப் பலம் குறைவு. வெல்டுக்குக் கீழே படிக்கட்டுப் போல விரிசல் ஓடி, லக் தகட்டின் மேல்படலத்தோடு பெயர்ந்து வரும். சந்தேகமிருந்தால் லக் வரும் இடத்தை முன்னதாகவே அல்ட்ராசோனிக் சோதனை செய்துகொள்ளலாம். மேல்தகடு மெல்லியதானால் லக்குக்கு நேர் கீழே, உட்புறத்தில் ஒரு தாங்குதகடு கட்டாயம். இல்லையென்றால் லக் தொட்டியைத் தூக்குவதற்கு முன் தகட்டைத் தூக்கிப் பிதுக்கும்.

பயன்பட்ட லக்கைப் பார்க்கும்போது கண் முதலில் போக வேண்டியது வெளிமுனை வெல்டுக்கு. அங்கே பெயின்ட் மயிரிழையாக விரிந்திருந்தால் அடியில் விரிசலா என்று சாயம் பூசிச் சோதிக்க வேண்டும். வெல்டர்கள் வசதிக்காக ராடை அந்த முனையில்தான் தொடங்குவார்கள் அல்லது முடிப்பார்கள், அங்கே விழும் குழியே விரிசலுக்குத் தொடக்கமாகும். வெல்டை முனையைச் சுற்றி வளைத்துக்கொண்டுபோய் நடுப்பகுதியில் முடிக்கச் சொல்ல வேண்டும். துளை வட்டம் குலைந்து நீள்வட்டமாகியிருந்தாலோ தலையின் விளிம்பு மேலே புடைத்திருந்தாலோ அந்த லக்கை வெட்டிப்போட வேண்டியதுதான். சுமைச் சோதனை செய்வதானால் 125 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அதையும் வேலையில் வரப்போகும் அதே சாய்வில் செய்ய வேண்டும். நேர் மேலே தூக்கிச் சோதித்தால் வெளிமுனைக்கு வேலையே வராது. வரைபடத்தில் சாய்வை எழுதும்போது தரையிலிருந்தா, செங்குத்திலிருந்தா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். வெறும் "30 டிகிரி" என்று எழுதினால் ஒருவர் 4.62 டன் இழுப்பதைப் படிப்பார், இன்னொருவர் 8 டன் இழுப்பதைக் கட்டுவார்.