மூன்று விலைகளுக்குள் இருக்கும் லாபம்

இங்கிலாந்தின் பந்தயக் கடை ஒன்றில் ஒரு லீக் ஆட்டத்துக்கு இப்படி விலை போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: உள்ளூர் அணி வென்றால் 1.50, டிரா ஆனால் 4.20, வெளியூர் அணி வென்றால் 6.50. 100 பவுண்டு கட்டி உள்ளூர் அணி வென்றால், கட்டிய பணத்தையும் சேர்த்து 150 பவுண்டு கைக்கு வரும்.

இந்த மூன்று விலையும் 90 நிமிட ஆட்டத்துக்கும் அதோடு சேரும் காயநேரத்துக்கும் மட்டுமே. கூடுதல் நேரமும் பெனால்டியும் கணக்கில் வராது. 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோப்பையை வாங்கியது அர்ஜென்டினா. ஆனால் பிரான்சோடு 90 நிமிட முடிவில் 2-2 என்று நின்றதால், இந்தப் பந்தயத்தில் பணம் கிடைத்தது டிராவில் கட்டியவர்களுக்குத்தான்.

இனி கணக்கு. 1-ஐ விலையால் வகுத்தால், அந்த விலை மறைமுகமாகச் சொல்லும் வாய்ப்பு கிடைக்கும். 1.50 என்பது 66.7%, 4.20 என்பது 23.8%, 6.50 என்பது 15.4%. மூன்றையும் கூட்டினால் 105.9% வருகிறது. ஏதோ ஒரு முடிவு நிச்சயம் என்பதால் மொத்தம் 100-ஐத் தாண்ட வழியில்லை. தாண்டியிருக்கும் 5.9 தான் நிறுவனம் விலைக்குள் சேர்த்துவைத்த லாபம். தொழிலில் இதை ஓவர்ரவுண்ட் என்பார்கள்.

இதை நீக்க எல்லோரும் முதலில் செய்வது, மூன்றையும் 1.059-ஆல் வகுப்பது. 63.0, 22.5, 14.5 என்று வரும், கூட்டினால் 100. வேலை முடிந்தது போலத் தெரியும். ஆனால் இந்த வகுத்தலுக்குள் ஒரு அனுமானம் உட்கார்ந்திருக்கிறது: எதில் கட்டினாலும் நூற்றுக்கு ஐந்தரை பவுண்டுதான் சராசரியாக நஷ்டம் என்கிறது அது. உண்மையில் அப்படி நடப்பதில்லை. சிறு தொகை கட்டிப் பெருந்தொகை அள்ளும் ஆசை மனிதருக்கு உண்டு; லாட்டரிச் சீட்டு விற்பதும் அதனால்தான். வெல்ல வாய்ப்புக் குறைந்த அணியின் விலையை நிறுவனம் தாராளமாகவே குறைத்துப் போட்டாலும் ஆள் வருவார்கள். இன்னொரு காரணத்தையும் பொருளியலாளர் ஹ்யூன் சாங் ஷின் 1990-களின் தொடக்கத்தில் குதிரைப் பந்தயத்தை வைத்து விளக்கினார்: உள்விவரம் தெரிந்த யாரோ பெரிய விலையில் கட்டிவிட்டால் அடி பலமாக விழும் என்பதால், நிறுவனம் அங்கே கூடுதல் பாதுகாப்பு வைத்துக்கொள்கிறது.

ஆகவே லாபத்தைக் கழிக்கும்போது சின்ன வாய்ப்பிலிருந்து விகிதப்படி அதிகமாகக் கழிக்க வேண்டும். அதற்கு எளிய வழி அடுக்கு முறை. மூன்று எண்களையும் ஒரே அடுக்குக்கு உயர்த்தி, கூட்டுத்தொகை சரியாக 1 ஆகும் அடுக்கைத் தேடுகிறோம்:

```
0.6667^k + 0.2381^k + 0.1538^k = 1
```

எக்செலில் Goal Seek கொடுத்தால் ஒரு நொடியில் k = 1.068 என்று வந்துவிடும். வாய்ப்புகள் இப்போது 64.9, 21.6, 13.5. சாதாரண வகுத்தலிலிருந்து உள்ளூர் அணி இரண்டு புள்ளி ஏறியிருக்கிறது, வெளியூர் அணி ஒரு புள்ளி இறங்கியிருக்கிறது.

ஒரு புள்ளிதானே என்று தோன்றும். பணமாக்கிப் பாருங்கள். இந்த எண்கள் சரியென்றால், உள்ளூர் அணியில் 100 பவுண்டு கட்டியவருக்குச் சராசரியாக 97 திரும்பும். வெளியூர் அணியில் கட்டியவருக்கு 88 தான். ஒரே ஆட்டம், ஒரே கடை. ஆனால் ஒருவரிடமிருந்து போவது 3 பவுண்டு, இன்னொருவரிடமிருந்து 12 பவுண்டு.

இரு அணிகளும் சமபலமாக இருக்கும்போது இந்தப் பாடு தேவையில்லை. 2.60, 3.30, 2.80 என்ற விலைகளில் இரண்டு முறைக்கும் கால் புள்ளிகூட வித்தியாசம் வராது, வகுத்துவிட்டுப் போகலாம்.

பலர் தடுக்கி விழும் இடம் வேறு. மூன்று முடிவுகளுக்கும் வெவ்வேறு நிறுவனங்களின் மிக உயர்ந்த விலைகளைப் பொறுக்கியெடுத்துக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 100-க்குப் பக்கத்தில், சில சமயம் அதற்குக் கீழேகூட வரும். அதைப் பார்த்து லாபமே இல்லாத சந்தை என்று நினைத்துவிடுவார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் லாபத்தை எங்கே வைத்திருக்கிறது என்ற தடயம் அந்தக் கலவையில் அழிந்துபோகிறது. மூன்று விலையும் ஒரே நிறுவனத்துடையதாக, ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் எடுத்தால் இன்னும் நல்லது. காயம், அணித்தேர்வு போன்ற செய்திகள் அதற்குள் விலையில் இறங்கியிருக்கும்.

எந்த முறை சரி என்பதை ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. football-data.co.uk தளத்தில் பல சீசன்களின் விலைகளும் முடிவுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. வாய்ப்பு 10 முதல் 15% வரை என்று உங்கள் கணக்கு சொன்ன அணிகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றில் எத்தனை உண்மையில் வென்றன என்று எண்ணுங்கள். ஆயிரம் ஆட்டங்களுக்குக் குறைந்தால் அந்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம்.