சேர், நேரில் வரலாமா?

புசல்லாவையிலிருந்து சித்தி மகன் தொலைபேசியில் கேட்டான்: “அக்கா, லோயருக்கு ஒரு மெசேஜ் எழுதித் தாங்க. புதன்கிழமை வீடியோ கோல் வேணாம்னு சொல்லணும். ஆனா அவரு கோவிச்சுக்கக் கூடாது.”

விஷயம் வீட்டுக் காணி. சித்தப்பா தன் பெயரில் உள்ள வீட்டை மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுக்க நினைக்கிறார். மூத்த மகன் டொரொண்டோவில் இருப்பதால் எல்லாரும் சேர்ந்து பேச வசதியாக இருக்கட்டும் என்று கண்டியில் உள்ள சட்டத்தரணிதான் காணொளி அழைப்பைச் சொல்லியிருந்தார். அவர் நினைத்ததில் தப்பில்லை. 2020இல் ஊரடங்கு வந்த நாளிலிருந்து கண்டியில் பல அலுவலகங்களுக்கு இது பழகிப்போன வழிதான்.

ஆனால் சித்தப்பாவுக்கு அது ஒத்துவரவில்லை. மலைச்சரிவில் இருக்கும் அந்த வீட்டில் முன் வாசலில் நின்றால்தான் சிக்னல் எடுக்கும். உறுதியை கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தால் எழுத்து கலங்கித் தெரியும். அதோடு அவருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம்.

தம்பி ஏற்கெனவே ஒன்று எழுதி வைத்திருந்தான். “சேர், வீடியோ கோல் சரிவராது. அப்பாவுக்குக் காது கேக்காது. நேர்ல சந்திக்கணும். எப்ப, எங்கன்னு சொல்லுங்க.” இதில் மூன்று குறைகள் இருந்தன. ‘சரிவராது’ என்பது அவர் செய்த ஏற்பாட்டைக் குறை சொல்கிறது. ‘எப்ப, எங்க’ என்று கேட்டதால் யோசிக்கிற வேலை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அதை வாசித்துக் காட்டியபோது சித்தப்பா முகம் சுண்டிப்போனதாம். ஐம்பது வருடம் வேலை செய்து கட்டிய வீட்டைப் பற்றிப் பேசப் போகிறவர், ‘காது கேட்காதவர்’ என்ற அறிமுகத்தோடு அந்த மேசையில் உட்கார விரும்பவில்லை.

காரணம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, யாருக்காகக் கேட்கிறோமோ அவருடைய மதிப்பையும் அது காக்க வேண்டும். உண்மையான காரணம் இன்னொன்றும் கையில் இருந்தது. அதுதான் பத்திரங்கள். பழைய காணி உறுதி, நில அளவை வரைபடம், சித்தியின் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். மலையகக் குடும்பங்களில் ஒரே ஆளின் பெயர் ஒரு கடதாசியில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருப்பது சாதாரணம். இவற்றை அருகருகே விரித்து வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் எந்தச் சட்டத்தரணியும் மறுக்க மாட்டார். அது அவருடைய தொழிலை மதித்துச் சொல்லும் காரணமும்கூட.

அடுத்தது இடம். அவரை அழைப்பவர்கள் நாம் என்பதால் தெரிவுகளையும் நாம்தான் கொடுக்க வேண்டும். இரண்டு போதும், கூடினால் மூன்று. தம்பி முதலில் சொன்னது கண்டி சிட்டி சென்டர் உணவுக்கூடம். பேருந்தை விட்டு இறங்கி நடந்துவிடலாம், உண்மைதான். ஆனால் அந்தச் சத்தத்தில் சித்தப்பாவுக்கு எதுவும் விளங்காது. வீட்டுச் சொத்து விஷயம் பக்கத்து மேசைக்கும் கேட்கும். டி. எஸ். சேனாநாயக்க நூலகம் அமைதியான இடம், ஆனால் வாசிக்கிறவர்கள் நடுவே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச முடியாது.

கடைசியில் முதல் தெரிவாகச் சட்டத்தரணியின் அலுவலகத்தையே வைத்தோம். அவருக்கு அலைச்சல் இல்லை, கோப்புகளும் அங்கேயே இருக்கும். இரண்டாவது பேராதனை. புசல்லாவையிலிருந்து கம்பளை வழியாக வரும் பேருந்து பேராதனையைத் தாண்டித்தான் கண்டி நகரத்துக்கு வரும். முதியவர் நகர நெரிசலுக்குள் வராமலே அங்கே இறங்கிக்கொள்ளலாம். அங்கே எங்கள் உறவினர் வீடு இருக்கிறது, பெரிய மேசை இருக்கிறது. இது விற்பனையாக இருந்தால் நான் அந்த வீட்டைச் சொல்லியிருக்க மாட்டேன். வாங்குபவர், விற்பவர் என்று இரண்டு தரப்பு இருக்கும்போது ஒரு தரப்பின் உறவினர் வீட்டுக்குச் சட்டத்தரணியை அழைப்பது அவருக்குச் சங்கடம்.

நேரத்தையும் கண்டியை நினைத்துத்தான் குறிக்க வேண்டும். காலையில் பள்ளிக்கூட நேரத்திலும் பிற்பகல் பள்ளி விடும் நேரத்திலும் நகரம் நகராது. பெரஹெரா நாட்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். போயா நாள் விடுமுறை. கிழமை நாட்களில் காலை முழுவதும் சட்டத்தரணிகள் நீதிமன்றத்தில் இருப்பார்கள். ஆகவே சனிக்கிழமை மாலை நாலரை என்று வைத்தோம். கோடை காலத்தில் டொரொண்டோவில் அப்போது காலை ஏழு மணி. மூத்தவனைத் தொலைபேசியில் மேசைக்கே கொண்டுவந்துவிடலாம். இதையும் எழுதாவிட்டால், யாருக்காக அவர் காணொளியை ஏற்பாடு செய்தாரோ அந்த மகனை விட்டுவிட்டோம் என்று ஆகிவிடும்.

நான் எழுதி அனுப்பியது இது:

“மதிப்புக்குரிய சேர், வணக்கம். புதன்கிழமை காணொளி அழைப்புக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அப்பாவிடம் உள்ள பழைய உறுதியையும் சான்றிதழ்களையும் நீங்கள் நேரில் பார்த்தால் நல்லது என்று நினைக்கிறோம். பெயர்களில் வித்தியாசம் இருக்கிறது, படம் எடுத்தால் தெளிவாக விழுவதில்லை. உங்களுக்கு வசதிப்பட்டால் சனிக்கிழமை மாலை 4.30க்கு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம். இல்லாவிட்டால் அதே நேரத்தில் பேராதனையில் எங்கள் உறவினர் வீட்டிலும் சந்திக்கலாம், நாங்களே வாகனத்தில் உங்களை அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடுவோம். அண்ணா தொலைபேசியில் சேர்ந்துகொள்வார். இரண்டும் தோதுப்படாவிட்டால் புதன்கிழமை அழைப்பையே வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.”

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னான் தம்பி. “அப்படிச் சொன்னா அவரு கோலுக்கே சரின்னுடுவாருக்கா” என்றான். அந்த ஆபத்து உண்டுதான். ஆனால் மறுக்கிற வழியை அடைத்துவிட்டால் அது கேட்பதாக இருக்காது. அவருக்கு அந்தச் சனிக்கிழமை வீட்டில் என்ன விசேஷமோ நமக்குத் தெரியாது. மறுத்தால் வேலை கெட்டுவிடாது என்று தெரிந்தவர்தான் மனதார ஒத்துக்கொள்வார்.

ஒன்றை வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணியைக் கைமாற்றும் உறுதியை எழுதிக் கொடுப்பவர் நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கத்தான் கையெழுத்திட வேண்டும். எப்படியும் ஒருநாள் நேரில் வரத்தானே வேண்டும் என்று வாதாடியிருக்கலாம். சட்டம் படித்தவருக்கு நாம் சட்டம் சொல்வது அழகில்லை. தவிர, இப்போது கேட்பது கையெழுத்துக்கு முந்தைய சந்திப்பு. குறை ஏதும் இருந்தால் அது இங்கே தெரிய வேண்டும், சாட்சிகளை வரவழைத்து உட்கார வைத்த பிறகு அல்ல.

அன்றிரவே பதில் வந்தது. “நீங்கள் சொல்வது சரி. பேராதனை எனக்கு வீட்டுப் பக்கம்தான், நானே வந்துவிடுகிறேன். மூலப் பத்திரங்களைக் கட்டாயம் கொண்டுவாருங்கள்.”

சனிக்கிழமை சித்தப்பாவைச் சட்டத்தரணிக்கு நேர் எதிரே, நல்ல காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தோம். காதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெயர் வித்தியாசத்துக்கு ஒரு சத்தியக் கடதாசி போதும் என்றார் சட்டத்தரணி. பிறகு உறுதியைக் கையில் எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் ஒரு வங்கியின் முத்திரை மங்கலாகத் தெரிந்தது. வருடங்களுக்கு முன்னால் சித்தப்பா வீட்டை ஈடு வைத்து எடுத்த கடன் அது. கட்டி முடித்தாயிற்று என்றார் சித்தப்பா. ஈடு நீக்கப்பட்டது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்று குறித்துக்கொண்டார் அவர்.

தம்பி முன்னதாக அவருக்கு அனுப்பியிருந்த படங்கள் எல்லாம் முன்பக்கம் மட்டும்தான்.