ஊட்டிக் குளிரிலும் பொங்கும் மாவு

ஊட்டியில் டிசம்பர் இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்கும். இரவு கரைத்து வைத்த தோசை மாவு காலையிலும் அப்படியே கிடக்கும். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிரிகளுக்குச் சுமார் 30 டிகிரிச் சூடு வேண்டும்.

தெர்மோகோல் பெட்டி, அதன் சுவரைத் தொடாமல் ஒரு சின்ன ஹீட்டர், கம்ப்யூட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட் இருந்தால் போதும். 29-க்கு இறங்கினால் ஹீட்டர் ஓடும். 30-ஐத் தொட்டதும் நிற்கும். ஃபேன் மட்டும் விடாமல் சுற்ற வேண்டும். இல்லையென்றால் ஹீட்டர் பக்கத்து மாவு புளித்துப்போகும், எதிர்ப்பக்கம் பொங்காது.

பலர் சறுக்குவது சென்சாரில்தான். அதை மாவுக்குள் விட்டால், குளிர்ந்த மாவு சூடேற மணிக்கணக்காகும். அதுவரை ஹீட்டர் நிற்காது. பெட்டிக்குள் காற்று அளவு மீறிச் சூடாகி, பாத்திர ஓரத்து மாவு வெந்தே போகலாம். பாத்திரத்தருகே காற்றில் தொங்கவிடுவதே சரி.

பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம். பொங்கி வழிந்து ஃபேனுக்குள் போனால், கழுவி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.