செங்கோணம் 60 டிகிரி ஆன கதை

கம்ப்யூட்டர் கணக்கில் தப்பு செய்யுமா? கூட்டவும் கழிக்கவும் அதற்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஒவ்வொரு எண்ணிலும் குறிப்பிட்ட அளவு இலக்கங்களைத்தான் அது வைத்துக்கொள்ளும். மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இதனால் 90 டிகிரியாக வரவேண்டிய ஒரு கோணம் 60 டிகிரியாக வருவதை, உங்கள் வீட்டு எக்செலிலேயே இப்போது பார்க்கப் போகிறோம்.

வெக்டர் என்றால் பயப்பட வேண்டாம். வரிசையாக எழுதிய சில எண்கள், அவ்வளவுதான். இரண்டு வெக்டர்களில் ஒரே இடத்தில் உள்ள எண்களைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பது டாட் புராடக்ட். அது பூஜ்யமாக வந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து.

இது எங்கே தேவைப்படும்? 2001 முதல் 2010 வரையான விற்பனைக் கணக்குக்கு ஒரு கோடு பொருத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு காலத்தில் எல்லாம் 1, அடுத்த காலத்தில் ஆண்டுகள் என்று இரண்டு வெக்டர்கள் வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் 0.1 டிகிரிகூட இல்லை. கிட்டத்தட்ட ஒரே திசையில் நிற்பதால், எதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். செங்குத்தாக மாற்றிவிட்டால் பிரிப்பது எளிது. இதற்கான வழிதான் கிராம்-ஷ்மிட் முறை. டென்மார்க்கின் கிராம் 1883லும், ஜெர்மனியின் ஷ்மிட் 1907லும் வெளியிட்ட கட்டுரைகளால் இந்தப் பெயர் வந்தது.

முறை எளிது. முதல் வெக்டரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வெக்டர் முதலாவதின் மேல் விழுத்தும் நிழலைக் கழித்துவிடுங்கள். (2, 0), (3, 4) என்ற இரண்டை எடுத்துக்கொள்வோம். இவற்றின் டாட் புராடக்ட் 6. முதலாவதை அதனோடே பெருக்கினால் 4. 6ஐ 4ஆல் வகுக்க 1.5. எனவே நிழல் 1.5 × (2, 0), அதாவது (3, 0). கழித்தால் மிஞ்சுவது (0, 4). இது (2, 0)க்குச் செங்குத்து.

மூன்றாவது வெக்டரில் இரண்டு நிழல்களைக் கழிக்க வேண்டும். இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. பழைய முறையில், இரண்டு நிழல்களையும் மூன்றாவது வெக்டரின் மூல எண்களிலிருந்தே அளந்து, சேர்த்துக் கழிக்கிறோம். திருத்திய முறையில், முதல் நிழலைக் கழித்துவிட்டு, மிஞ்சியதிலிருந்து இரண்டாவது நிழலை அளக்கிறோம். பேப்பரில் போட்டால் இரண்டுக்கும் ஒரே விடைதான். ஏனென்றால் முதல் திசையும் இரண்டாம் திசையும் செங்குத்து. ஒன்றின் நிழலை எடுத்தால் மற்றதன் நிழல் மாறாது. ஆனால் கம்ப்யூட்டரில் அவை முழுக்கச் செங்குத்தாக இருப்பதில்லை.

மூன்று இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு கால்குலேட்டரைக் கற்பனை செய்யுங்கள். கொடுக்கும் வெக்டர்கள்:

```
a = (1, 0.01, 0, 0)
b = (1, 0, 0.01, 0)
c = (1, 0, 0, 0.01)
```

aஐ aயோடு பெருக்கினால் 1.0001. மூன்று இலக்கத்தில் அது வெறும் 1. aயும் bயும் பெருக்கினாலும் 1. எனவே bயிலிருந்து ஒரு முழு aஐக் கழிக்கிறோம். கிடைப்பது p = (0, -0.01, 0.01, 0). உண்மையில் 0.9999 மடங்கு aதான் கழித்திருக்க வேண்டும். அதனால் p, aக்கு 90 டிகிரியில் நிற்காமல் சுமார் 90.4 டிகிரியில் நிற்கிறது. சின்னத் தவறுதான்.

இப்போது c. பழைய முறைப்படி a, c டாட் புராடக்ட் 1. P, c டாட் புராடக்ட் 0. ஆகவே p பக்கம் கழிக்க ஒன்றுமில்லை என்று முடிவாகிறது. ஒரு aஐக் கழித்தால் விடை (0, -0.01, 0, 0.01). இதை pயோடு பெருக்கிப் பாருங்கள்: 0.0001. இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் 60 டிகிரி! cயில் p திசையில் முதலில் ஒன்றும் இல்லை. aஐக் கழித்தபோதுதான் அது உள்ளே வந்தது. பழைய முறை அதற்கு முன்பே அளந்துவிட்டதால் அதைக் கவனிக்கவில்லை.

திருத்திய முறையில், aஐக் கழித்தபின் மிஞ்சும் (0, -0.01, 0, 0.01) என்பதைத்தான் pயோடு பெருக்குகிறோம். கிடைப்பது 0.0001. pஐ pயோடு பெருக்கினால் 0.0002. வகுத்தால் 0.5. ஆக, பாதி pஐக் கழிக்க, விடை (0, -0.005, -0.005, 0.01). pயோடு பெருக்கினால் சரியாகப் பூஜ்யம். கூடுதலாக ஒரு கணக்கும் போடவில்லை. அளக்கும் வரிசையை மட்டும் மாற்றினோம்.

மூன்று இலக்கம் என்பதால்தானே என்று நினைக்கலாம். எக்செல் சுமார் 15 இலக்கம் வைத்துக்கொள்கிறது. எனவே 0.01க்குப் பதில் 1E-9 என்று டைப் செய்யுங்கள். இது நூறு கோடியில் ஒரு பங்கு. A1 முதல் A4 வரை a, B காலத்தில் b, C காலத்தில் c. மேலே பார்த்தபடி a கழிப்பது ஒரு மடங்கு என்று எக்செலே கண்டுபிடிக்கும். E1, F1, G1 ஆகிய செல்களில் முறையே இவற்றைக் கொடுத்து நான்காவது வரிசை வரை இழுத்துவிடுங்கள்:

```
=B1-SUMPRODUCT(A$1:A$4,B$1:B$4)/SUMPRODUCT(A$1:A$4,A$1:A$4)*A1
=C1-SUMPRODUCT(A$1:A$4,C$1:C$4)/SUMPRODUCT(A$1:A$4,A$1:A$4)*A1
=F1-SUMPRODUCT(E$1:E$4,F$1:F$4)/SUMPRODUCT(E$1:E$4,E$1:E$4)*E1
```

E என்பது p. பழைய முறையில் p பக்கம் கழிக்க வேண்டியது பூஜ்யம் என்பதால், F காலமே அதன் விடை. G திருத்திய முறையின் விடை. கோணம் பார்க்க I1ல் இதைக் கொடுங்கள்:

```
=DEGREES(ACOS(SUMPRODUCT(E1:E4,F1:F4)/SQRT(SUMPRODUCT(E1:E4,E1:E4)*SUMPRODUCT(F1:F4,F1:F4))))
```

60 வரும். பார்முலாவில் F என்று வரும் இடங்களில் எல்லாம் G போட்டால் 90 வரும். முதல் விடையிலும் எந்த எர்ரர் செய்தியும் வராது என்பதைக் கவனியுங்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

திருத்திய முறையும் எல்லாவற்றையும் சரி செய்துவிடாது. நம் மூன்று இலக்க உதாரணத்தில் aக்கும் pக்கும் இடையே இருந்த 90.4 டிகிரி அப்படியேதான் இருக்கிறது. கொடுத்த வெக்டர்கள் ஒரே திசையை நெருங்க நெருங்க, திருத்திய முறையின் தவறு அதே விகிதத்தில் வளரும். பழைய முறையில் அது ஏறக்குறைய வர்க்கமாக வளரும். ஒன்றில் நூறு மடங்கு என்றால் மற்றதில் பத்தாயிரம் மடங்கு.

அதையும் சரிசெய்ய வேண்டுமானால், கிடைத்த விடைக்கே கழித்தலை இன்னொரு முறை செய்யுங்கள். a, p டாட் புராடக்ட் -0.0001. அந்த அளவை சரிக்கட்டினால் p இப்படி ஆகிறது: (0.0001, -0.01, 0.01, 0). இப்போது aயோடு பெருக்கினால் பூஜ்யம். வேலை இரண்டு மடங்கு. ஆனால் பழைய முறையும்கூட இப்படி இரண்டு முறை ஓட்டினால் பெரும்பாலும் நல்ல விடை தரும்.

எந்த முறையில் செய்தாலும், முடிந்ததும் விடைகளை இரண்டிரண்டாக எடுத்து மேலே உள்ள கோண பார்முலாவில் போட்டுப் பாருங்கள். 90ஐ விட்டு எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த விடையை அவ்வளவுக்குக் குறைவாக நம்புங்கள்.