விழுந்த பிறகு படலை வரை

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீடு. 71 வயதான அம்மா மாரி காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. ஆனாலும் மூன்று மாதமாகத் தனியாகப் படலை வரைகூடப் போகவில்லை. “இருங்கோ அம்மா, நான் எடுத்துத் தாறன்” என்று மகளே எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்பினால் செய்ததுதான். ஆனால் நடக்காத கால் பலம் இழக்கிறது. பயந்தவர் உடலை விறைப்பாக்கி, காலைத் தூக்காமல் இழுத்து வைக்கிறார். அதனால் மறுபடி விழும் வாய்ப்புக் கூடுகிறது.

முதலில், விழுந்த காரணத்தைத் தேட வேண்டும். படுக்கையால் எழும்பும்போது தலை சுற்றுவதை அந்த அம்மா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கிளினிக்கில் படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் பிரஷர் பார்த்தார்கள். நின்றதும் மேல் அளவு 20க்கு மேல் இறங்கியது. வைத்தியர் குளிசையின் அளவை மாற்றினார். குளிசையை நாங்களாக நிறுத்தக் கூடாது. காலூன்ற முடியாவிட்டால், கவட்டுப் பக்கம் நோ இருந்தால், தலையில் அடிபட்டிருந்தால் பயிற்சிக்கு முன் மீண்டும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அடுத்தது ஊன்றுகோல். யுத்த காலத்தில் செல் துண்டு பட்ட இடது கால்தான் அவருக்குப் பலவீனம். தடியையும் இடது கையிலேயே பிடித்து வந்தார். அது பிழை. தடி நல்ல காலின் பக்கம், அதாவது வலது கையில் இருக்க வேண்டும். தடியும் இடது காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருப்பது சரி.

பயிற்சி கதிரையில் தொடங்கியது. கதிரையைச் சுவரோடு சேர்த்து வைத்து, காலையும் மாலையும் ஐந்து தடவை எழுந்து இருந்தார். பிறகு விறாந்தைச் சுவரைப் பிடித்து நடை. அதன் பின் படலைக்குப் போகும் வழியில், பாதியில் ஒரு கதிரை. மகள் கையைப் பிடித்து இழுக்காமல் இடது பக்கமாகச் சற்றுப் பின்னால் நடந்தார். சில நாட்களில் நாலு அடி பின்னால். பிறகு விறாந்தையில் இருந்தபடி பார்த்தார். ஒவ்வொரு நாளும் “பயம் பத்தில் எவ்வளவு?” என்று கேட்டார். மூன்றுக்குள் வந்தால் அடுத்த படி. ஐந்தைத் தாண்டினால் முந்தைய படி.

விழுந்தால் எழும்பும் முறையையும், ஆள் பக்கத்தில் நிற்க, பாயில் பழகினார்: பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, நாலு காலில் தவழ்ந்து, கதிரையைப் பிடித்து, நல்ல காலை முதலில் ஊன்றி எழும்புவது. “விழுந்தால் அப்படியே கிடப்பேன்” என்ற எண்ணமே அவரின் பயத்தில் பாதி.

ஏழாவது வாரம் படலையில் நின்று மீன்காரரோடு தானே விலை பேசினார். மழை நாளில் கிணற்றடிக்கு மட்டும் இன்னும் மகளோடுதான் போகிறார். பாசி வழுக்கும் இடத்தில் அந்தப் பயம் நியாயமானது.